கழுத்தில் தொங்கும் மெய்ப்பு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் உள்ள ஒரு கல்லூரியில் இரண்டு நாள் கருத்தரங்கு. முதல் நாள் காலை பதிவு மேசைக்கு வந்த முதுகலை மாணவி ஒருவர் தம் பெயர் அட்டையை வாங்கினார், வாசித்தார், ஒன்றும் சொல்லாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நான்கு எட்டு நடந்ததும் அட்டையைத் திருப்பி, வெற்றுப் பக்கம் வெளியே தெரியும்படி விட்டார். காற்றில் திரும்பியிருந்தால் மறுபடியும் திரும்பியிருக்கும். அவர் விரலால் பிடித்துத் திருப்பியதை மேசையில் இருந்த ஆய்வு மாணவர் பார்த்துவிட்டார். இருநூறு பேருக்கான அட்டைகளைத் தயாரித்தவர் அவர்தாம்.

கூப்பிட்டுக் கேட்டபோது மாணவி அட்டையை நீட்டினார். அதில் ‘பொந்நி எம்’ என்று அச்சாகியிருந்தது.

“என் பேரு பொன்னிண்ணா. அப்பா பேரு முருகன்,” என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. பழகிப்போன ஒன்றை எடுத்துச் சொல்லும் குரல்.

(மாணவியின் உண்மைப் பெயர் வேறு. பிழையின் வகை மட்டும் இதுவே.)

அவர் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் தாலுகாவிலிருந்து வந்தவர். மூணாறு பக்கத்திலிருந்து சித்தூருக்கு வருபவர்கள் மறையூர், சின்னாறு வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைக் கடந்து மறுபடியும் கேரளத்துக்குள் நுழைவது வழக்கம். அவருடைய பெயரும் ஏறக்குறைய அதே மாதிரியான பயணத்தைத்தான் செய்திருந்தது. வீட்டில் தமிழில் வைக்கப்பட்டது; பள்ளிப் பதிவேட்டில் மலையாளத்தில் ஏறியது; கருத்தரங்கப் பட்டியலுக்காக எழுத்துமாற்றுக் கருவி ஒன்றின் வழியே தமிழுக்குத் திரும்பியது. திரும்பி வந்தபோது பழைய உருவத்தில் இல்லை.

எழுத்துமாற்றுக் கருவி தன் அளவில் தவறே செய்யவில்லை. மலையாள எழுத்து முறையில் பல்லின நகரத்துக்கும் நுனியண்ண னகரத்துக்கும் ஒரே எழுத்துத்தான். பேச்சில் இரண்டு ஒலிகளும் உண்டு, எங்கே எந்த ஒலி என்பது மலையாளம் பேசுபவர் காதுக்குத் தெரியும், எழுத்தில் தெரியாது. தமிழில் ந, ன என்று இரண்டு எழுத்துகள். ஓர் எழுத்தை ஓர் எழுத்தாக மட்டுமே மாற்றத் தெரிந்த கருவி, அந்த ஒன்றை எப்போதும் ‘ந’ என்றே எழுதும். ஒற்றாக வரும் சில்லெழுத்து மட்டும் தனி வடிவம் என்பதால் ‘ன்’ ஆகிவிடும். அதனால் முருகன் தப்பிவிடுகிறார், பொன்னி மாட்டிக்கொள்கிறார். ஆனந்தி ‘ஆநந்தி’ ஆகிறார், முனியம்மா ‘முநியம்ம’ ஆகிறார். ஈற்றில் நெடில் போனதும் இதே வழியில்தான்: மலையாளத்தில் ‘அம்ம’ குறிலில் முடியும்.

முதல் அச்சுக்கு முன் அந்த ஆய்வு மாணவர் என்னவெல்லாம் கவனித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் கவனக்குறைவானவர் அல்லர். அட்டையின் உடல் சார்ந்த எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார்.

ஏ4 தாளை எட்டாக மடித்தால் ஒரு பங்கு ஏறத்தாழ 105க்கு 74 மில்லிமீட்டர். அதையே அட்டையின் அளவாக வைத்துக்கொண்டார். அட்டைகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது. நெடுக ஒரு வெட்டு, குறுக்கே மூன்று வெட்டு, வேலை முடிந்தது. தாளின் விளிம்பில் சில மில்லிமீட்டருக்கு அச்சு விழாது என்பதால் எழுத்துகளை உள்ளே தள்ளி அமைத்தார். பெயருக்கு 26 புள்ளி அளவு. அதன் கீழே கல்லூரி, சிறிய எழுத்தில். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர் வாசிக்க வேண்டியது பெயரை மட்டுமே. கருத்தரங்கின் தலைப்பு எல்லாருக்கும் தெரியும். அது சின்னதாக இருந்தால் போதும். பல அட்டைகளில் தலைப்பும் இலச்சினைகளும் முக்கால் இடத்தை எடுத்துக்கொள்ள, பெயர் அடியில் ஒண்டிக் குடியிருப்பதைக் காணலாம்.

மாதிரி அச்சுக்குப் பட்டியலின் முதல் பெயரை எடுக்காமல் மிக நீளமான பெயரை எடுத்தார். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விரிதாளில் `LEN` என்று கேட்டால் அது எழுத்துகளை எண்ணாது, யூனிகோடு குறிகளை எண்ணும். ‘செல்வி’ மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு. எனவே எண்ணிக்கையை நம்பாமல் ‘முத்துக்கிருஷ்ணன்’ போன்ற பெயர்களைக் கண்ணால் தேடி எடுத்து, வரியில் அடங்குகிறதா என்று அச்சிட்டே பார்த்தார். வரி உயரத்தை நிலையான அளவில் பூட்டிவைத்தால் மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். ஆங்கிலப் பெயர்களை வைத்து அமைத்த வார்ப்புருக்களில் தமிழை இட்டால் முதலில் போவது புள்ளிதான்.

நிறங்களுக்கு அவர் கண்ட வழி எளிமையானது. வண்ண அச்சு வேண்டாம். கறுப்பு அச்சே போதும், தாளின் நிறம் மாறட்டும். பங்கேற்பாளர் வெள்ளை, கட்டுரையாளர் மஞ்சள், ஏற்பாட்டுக் குழு வெளிர்நீலம், விருந்தினர் இளஞ்சிவப்பு. அடர் சிவப்பையும் பச்சையையும் விலக்கினார். அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த அரங்கிலும் சிலர் இருப்பார்கள் என்பது ஒரு காரணம். கேரளத்தில் ஒருவர் கழுத்தில் சிவப்பையோ பச்சையையோ மாட்டினால் அதற்குக் கட்சி அர்த்தம் வந்துவிடும் என்பது இன்னொரு காரணம். நிறத்தை மட்டும் நம்பாமல் பொறுப்பின் பெயரையும் அட்டையில் அச்சிட்டார். கட்டுரையும் வாசித்து ஏற்பாட்டுக் குழுவிலும் இருப்பவருக்கு ஒரே நிறம்தான். எது பெரிய பொறுப்பு என்று பார்க்காமல், வாசலில் நிற்பவருக்கு எது தெரிய வேண்டுமோ அது.

148 பங்கேற்பாளர், 32 கட்டுரையாளர், 12 ஏற்பாட்டுக் குழு, 8 விருந்தினர். தாளுக்கு எட்டு வீதம் முறையே 19, 4, 2, 1 என்று 26 தாள்கள். 208 இடங்களில் எட்டு வெற்றாக மிஞ்சும். பங்கேற்பாளரில் நான்கு, குழுவில் நான்கு.

டி.டி.பி. கடைக்காரர் கோவைப் பக்கத்துக்காரர், அனுபவசாலி. கோப்பைப் பார்த்ததும் அவர் கேட்ட கேள்வி இது: “தம்பி, வெட்டினதுக்கப்புறம் யாருங்க அடுக்கறது?”

அகர வரிசைப் பட்டியலை அப்படியே ஊற்றினால் முதல் தாளில் 1 முதல் 8 வரை, இரண்டாம் தாளில் 9 முதல் 16 வரை வரும். பத்தொன்பது தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெட்டினால் கிடைக்கும் முதல் கட்டில் 1, 9, 17, 25 என்று எண்கள் தாவிக்கொண்டே போகும். எட்டுக் கட்டுகளையும் மறுபடி கையால் வரிசைப்படுத்த வேண்டும். அவசரத்தில் அங்கேதான் அட்டைகள் தொலையும். கடைக்காரர் சொன்னது, தாளின் முதல் இடத்தில் எல்லாத் தாள்களிலுமாக 1 முதல் 19, இரண்டாம் இடத்தில் 20 முதல் 38 என்று அமையட்டும் என்பது. வெட்டியதும் எட்டுக் கட்டுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால் வரிசை தானே அமைந்துவிடும். அதற்குப் பட்டியலை முன்கூட்டியே கலைக்க வேண்டும். இரண்டாம் வரியிலிருந்து ஒரு நெடுவரிசையில் இந்த வாய்பாட்டை 152 வரிகளுக்கு இழுத்தால், எந்த எண்ணுக்குரிய பெயர் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பது கிடைக்கும்:

```
=MOD(ROW()-2,8)*19+INT((ROW()-2)/8)+1
```

19 என்பது தாள்களின் எண்ணிக்கை. மஞ்சளுக்கு அது 4. அச்சிடும்போது `Fit` என்ற தேர்வை விட்டுவிட்டு `Actual size` என்பதைத் தேர்ந்தார்கள். முதல் தாளை அளவுகோலால் அளந்தார்கள். பேஜ்மேக்கரில் யூனிகோடுத் தமிழ் உடையும் என்பதால் எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். கோப்பைத்தான் கொடுத்திருந்தார். எல்லாம் ஒழுங்கு. பிழை மட்டும் மிக நேர்த்தியாக, மில்லிமீட்டர் பிசகாமல் அச்சாகிவிட்டது.

இந்த எல்லைப் பகுதிக்கு அப்படி ஒன்று புதிதல்ல. 2021 மே 24 அன்று தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஏ. ராஜா கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் பதவியேற்றார். மொழிபெயர்த்துத் தரப்பட்டிருந்த வாசகத்தில் ‘கடவுளின் பெயரால்’ என்பதும் இல்லை, ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்பதும் இல்லை. இரண்டில் ஒன்று கட்டாயம். ஜூன் 2 அன்று அவர் மீண்டும் பதவியேற்க வேண்டியிருந்தது. பல மேசைகளைக் கடந்து வந்த தாள், வாய்விட்டுச் சொல்லப்பட்ட பிறகே திருத்தப்பட்டது. பெயர் அட்டைக்கும் அந்த நிலைதான். பட்டியலில் எத்தனை பேர் பார்த்தாலும், பெயருக்கு உரியவர் முதன்முதலில் அதைப் பார்ப்பது பதிவு மேசையில்.

பொன்னியின் அட்டைக்குப் பிறகு ஆய்வு மாணவர் மடிக்கணினியைத் திறந்தார். தமிழில் ‘ந’ வரும் இடங்கள் குறைவு: சொல்லின் முதலில் வரும், தகரத்துக்கு முன் ஒற்றாக வரும். இந்த இரண்டும் அல்லாத ‘ந’ எல்லாம் சந்தேகத்துக்குரியது. அதைத் தேடலாக எழுதினால் இப்படி:

```
[^\s.]ந(?!\u0BCDத)
```

லிபர் ஆபீஸ் விரிதாளில் சுருங்குறித் தொடர் தேடலை இயக்கி இதை இட்டால் பொந்நியும் ஆநந்தியும் முநியம்மவும் வரிசையாக வந்து நிற்பார்கள். கூடவே திருநாவுக்கரசும் வருவார், அவர் நிரபராதி. கூட்டுச் சொற்களில் இடையிலும் நகரம் வரும். ஆகவே இது தேடுவதற்கான விதி. ‘எல்லாவற்றையும் மாற்று’ என்ற பொத்தானை அழுத்துவதற்கானது அல்ல.

தேடிப் பிடிக்க முடிந்தவை இவ்வளவே. ‘வெட்ரிவேல்’ என்று ஒரு பெயர் இருந்தது. வெற்றி என்பதை ஆங்கில எழுத்துகளில் எழுதி, அதைப் பார்த்து மலையாளத்தில் எழுதி, அதை மீண்டும் தமிழாக்கினால் வருவது அது. அதைக் கண்டதும் திருத்தலாம். ஆனால் ‘செல்லம்ம’ என்பவர் செல்லம்மாவா, செல்லம்மாளா? அவர்தான் சொல்ல வேண்டும். ‘எம்’ என்ற ஒற்றை எழுத்துக்குள் இருப்பவர் முருகனா, மாடசாமியா, மணியா? மு., மா., ம. என்று மூன்று முதலெழுத்துகளும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிட்டன. எந்தக் கருவியாலும் அதைப் பிரித்துத் தர முடியாது. முதலெழுத்து நிற்கும் இடமும் கேள்விதான். தமிழ் வழக்கில் அது பெயருக்கு முன்னே, கேரளப் பள்ளி ஏடுகளில் பெரும்பாலும் பின்னே. பதிவுப் படிவத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருந்ததால் பலர் கடைசிப்பெயர்க் கட்டத்தில் அந்த ஓரெழுத்தை இட்டிருந்தார்கள்.

இன்னொரு பிழை பிழையாகவே தெரியாமல் ஒளிந்திருந்தது. சரஸ்வதி என்பவர் மேசைக்கு வந்து பெயரைச் சொன்னார்; சகரக் கட்டில் அட்டை இல்லை. பதிவே செய்யவில்லை போலும் என்று ஒருவர் சொல்லிவிட்டார். பதிவு எண்ணை வைத்துத் தேடியபோது அட்டை கடைசிக் கட்டின் அடியில் இருந்தது, ‘ஸரஸ்வதி’ என்று. எழுத்துக்கு எழுத்து மாற்றியதில் சகரம் ஸகரமாகி, அகர வரிசையில் வகரத்துக்கும் பின்னால் போய்விட்டது. எழுத்துப் பிழை இப்படி ஆளையே காணாமல் ஆக்கிவிடும். கௌரி என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகர எழுத்தைத் தட்டச்சிட்டிருந்தாலும் இதுவே நடக்கும்: கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. மேசையில் பதிவு எண் வரிசையில் இன்னொரு பட்டியல் இல்லாதிருந்தால் சரஸ்வதி வெற்று அட்டையோடுதான் உள்ளே போயிருப்பார்.

அந்த வெற்று அட்டைகள்தாம் காலை நேரத்தைக் காப்பாற்றின. திருத்தம் சொல்பவரிடம் வெள்ளை அட்டை ஒன்றையும் தடித்த பேனாவையும் கொடுத்து, தம் பெயரைத் தாமே எழுதச் சொன்னார் ஆய்வு மாணவர். எழுதியதைப் பார்த்துப் பட்டியலைத் திருத்தினார். இதில் இரண்டு வேலை முடிகிறது: வந்தவர் உடனே அட்டையோடு அரங்குக்குப் போகிறார், திருத்தத்துக்கு அவர் கைப்பட எழுதிய மூலம் கிடைக்கிறது. வாயால் சொல்லிக் கேட்டு எழுதும் வழியில் ன, ண குழப்பம் மறுபடியும் நுழையும். பிழையான பழைய அட்டை மேசையிலேயே வாங்கி வைக்கப்பட்டது. நான்கு வெள்ளை வெற்று அட்டைகளும் பத்து மணிக்குள் தீர்ந்தன. பிறகு வெள்ளைத் தாளைக் கத்தரித்துக் கொடுத்தார்கள்.

மறு அச்சை ஒவ்வொன்றாகச் செய்யவில்லை. தேநீர் இடைவேளைக்கு ஒரு முறை, மதிய உணவுக்கு ஒரு முறை. பட்டியலில் ‘அச்சு’ என்ற நெடுவரிசை சேர்த்து, திருத்தியவற்றுக்கு 2 என்று இட்டு, அவற்றை மட்டும் வடித்தெடுத்தார். முதல் தவணையில் வெள்ளையில் எட்டு நிரம்பிவிட்டன. மஞ்சளில் இரண்டே இரண்டு. மஞ்சள் தாள் வீணாகிறதே என்று குழுவில் ஒருவர் தயங்கினார். அந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கட்டுரையாளர் மேடையேறும்போது கழுத்தில் தப்பான பெயர் தொங்கும், அதைப் பார்த்துத்தான் தலைமையாளர் அவரை அழைப்பார்.

பி.டி.எஃப். கோப்பிலேயே திருத்தி அச்சிட்டுவிடலாமே என்றும் ஒருவர் கேட்டார். ஆய்வு மாணவர் பிடிவாதமாக மறுத்தார். அட்டை இரண்டு நாளில் குப்பைக்குப் போகும்; ஆனால் அதே பட்டியலிலிருந்துதான் மறுநாள் மாலை சான்றிதழ் அச்சாகப் போகிறது. பட்டியலைத் தொடாமல் அட்டையை மட்டும் திருத்தினால், காலையில் திருத்தப்பட்ட பொந்நி மறுநாள் மாலை தடித்த தாளில் கையொப்பத்தோடு திரும்பி வருவார். அந்த வகையில் அட்டை என்பது சான்றிதழுக்கு ஒரு மெய்ப்பு. பெயருக்கு உரியவரே திருத்தித் தரும் மெய்ப்பு வேறு எங்கும் கிடைக்காது.

அந்த எண்ணத்தில்தான் அவர் ஒரு தவறும் செய்யவிருந்தார். திருத்திய பெயரே சான்றிதழுக்கும் என்று முடிவுகட்டி, ‘மு. பொன்னி’ என்பதைச் சான்றிதழ் நெடுவரிசையிலும் ஏற்றிவிட்டார். தேநீர் வேளையில் புதிய அட்டையை வாங்க வந்த மாணவி, அதை மாட்டிக்கொண்டு, கையால் எழுதியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “அண்ணா, சர்டிபிகேட்ல எப்படி வரும்?”

“இதே மாதிரிதான். மு. பொன்னி.”

“அய்யோ, அது வேண்டாண்ணா. எஸ்.எஸ்.எல்.சி. புக்ல பொன்னி எம்னுதான் இருக்கு. பி.எஸ்.சி. வெரிபிகேஷன்ல பேர் மாறினா அலைய விட்ருவாங்க.”

அதற்குப் பிறகு பட்டியலில் இரண்டு நெடுவரிசைகள் ஆயின: அட்டைப் பெயர், சான்றிதழ்ப் பெயர். திருத்தம் சொல்ல வந்த ஒவ்வொருவரிடமும் இரண்டையும் தனித்தனியே கேட்டார்கள். ஏற்கெனவே திருத்திப் போனவர்களை மதிய உணவு வரிசையில் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். அட்டையைப் பார்த்தே அழைக்க முடிந்ததால் அது கடினமாக இல்லை. இடுக்கியிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் அட்டையில் ஒரு பெயரும் சான்றிதழில் இன்னொரு பெயரும் கேட்டார்கள். சித்தூர்ப் பக்கத்தவர் சிலர் இரண்டிலும் மலையாள ஏட்டில் உள்ளபடியே போதும் என்றார்கள்.

மறுநாள் மாலை ‘பொன்னி எம்’ என்ற பெயரில் சான்றிதழ் அச்சாயிற்று. இரண்டு சுழி ‘ன’கரத்தோடு.